ஹாஸ்டல்ல இருக்கற பையனுக்கு மாசச் செலவு பத்தி எழுதின கடுதாசி: படிச்சுப் பாத்துச் சொல்லுங்க

செல்வி_திருப்பூர்
எல்லாருக்கும் வணக்கமுங்க. பையன் திருநெல்வேலிப் பக்கம் ஒரு அரசு எஞ்சினியரிங் காலேஜ்ல முதல் வருஷம். ஹாஸ்டல்ல இருக்கான். போன்ல பேசினா "சரிம்மா சரிம்மா"ன்னு வெச்சுடறான். அதனால கையால எழுதி, துணிமணி பார்சலோட அனுப்பலாம்னு இருக்கேன். நான் பனியன் கம்பெனில டெய்லர், அவங்கப்பா செக்கிங். ரெண்டு பேருக்கும் சனிக்கிழமை சம்பளம். எழுதினதைக் கீழ போடறேன். தப்பிருந்தா சொல்லுங்க.

> கண்ணு,
>
> நல்லா இருக்கியா. போன மாசம் 20 தேதிக்கே காசு இல்லைன்னு சொன்னே. நானும் உங்கப்பாவும் உக்காந்து பேசினோம். இனிமே மாசம் பொறந்து 5 தேதிக்குள்ள 7,000 ரூபா அனுப்பறோம். அதுக்கு மேல கேக்காதே சாமி.
>
> மெஸ்ஸுக்கு 4,000 மொதல்ல எடுத்து வெச்சிரு. போனுக்கு 350. சோப்பு, எண்ணெய், துணி வெளுக்க 400. ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு 350. வெளிய டீ, பரோட்டா என்ன வேணாத் தின்னுக்க, 900. ஊருக்கு வந்து போக 600. மிச்சம் 400 தொடாதே, காய்ச்சல் கீச்சல்னா ஆகும்.
>
> லீவு நாள்ல இங்க வந்தா மெஸ் காசு கொறையும்னு உங்கப்பா சொல்றாரு. அதனால சனி ஞாயிறு முடிஞ்சா வா.
>
> தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முந்தி என்ன செலவு பண்ணினேன்னு நோட்டுல எழுது. ஞாயித்துக்கிழமை அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. உன்னை நம்பாம கேக்கல. தீபாவளிக்கு அப்பறம் கம்பெனி லீவு விட்டா எங்களுக்கு வாரச் சம்பளம் கிடையாதுன்னு உனக்கே தெரியும். ஒரு வாரம் தட்டுச்சுன்னா எங்க இடிக்குதுன்னு எனக்குத் தெரியணும்.
>
> அம்மா

துபாய்_ராஜா
அக்கா, நல்ல கடிதம். என் மகனும் வெளியிலதான் படிக்கிறான், கனடா. நீங்க வங்கிக் கடனுக்கு விண்ணப்பிச்சீங்களா? ஃபாரெக்ஸ் கார்டு வாங்கிக் கொடுத்துட்டா பையன் செலவெல்லாம் ஒரே இடத்துல தெரியும், கமிஷனும் கம்மி.

செல்வி_திருப்பூர்
தம்பி, எம்பையன் திருநெல்வேலில இருக்கானுங்க. கனடா இல்ல.

துபாய்_ராஜா
மன்னிக்கணும் அக்கா. ஹாஸ்டல்னு மட்டும் பாத்துட்டு எழுதிட்டேன்.

கணக்கர்_கரூர்
அம்மா, 7,000-ஐ ஒரே தடவையா அனுப்பாதீங்க. 18 வயசுப் பையன் அக்கவுண்ட்ல 5-ஆம் தேதி ஏழாயிரம் தெரிஞ்சா அவனுக்கு அது பெரிய பணம். 15-ஆம் தேதி பாதி போயிருக்கும். உங்களுக்கே வாரச் சம்பளம்தானே? அவனுக்கும் வாரம் 1,750 அனுப்புங்க. நாலு வாரம், ஏழாயிரம், முடிஞ்சது கதை.

அதோட அவங்கப்பா சொன்னது சரி. வாராவாரம் ஊருக்கு வந்தா மாசத்துக்கு எட்டு நாள் மெஸ் காசு மிச்சம். கால்வாசிக்கும் மேல.

பழைய_மெஸ்_செக்ரட்டரி
கணக்கர் ஐயா, வாரம் பிரிக்கறது பாதிக்குச் சரி. வாராவாரம் ஊருக்கு வந்தா மெஸ் காசு மிச்சம்ங்கறது தப்பு. நான் படிச்சப்ப ரெண்டு வருஷம் மெஸ் கமிட்டியில இருந்தேன், பில் போட்டவன்ங்கற முறையில சொல்றேன்.

செல்வியக்கா, உங்க பையன் ஹாஸ்டல்ல மெஸ் டிவைடிங் சிஸ்டமா, இல்ல கான்ட்ராக்டரா? அதை மொதல்ல கேளுங்க. கான்ட்ராக்டர்னா ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு விலை பேசியிருப்பாங்க, மாசாமாசம் பில் பெருசா மாறாது. டிவைடிங்னா கடிதத்துல நீங்க போட்டிருக்கற 4,000-ங்கற எண் நிக்காது.

செல்வி_திருப்பூர்
கேட்டேனுங்க. டிவைடிங்னுதான் சொல்றான். போன மாசம் 3,860 வந்துதாம். அதைப் பாத்துத்தான் நாலாயிரம் போட்டேன்.

பழைய_மெஸ்_செக்ரட்டரி
அப்ப விவரமாச் சொல்றேன்.

டிவைடிங்ல மாசம் முழுக்க ஆன செலவைக் கூட்டுவாங்க. அரிசி, பருப்பு, காய்கறி, பால், கேஸ், சமையல்காரங்க சம்பளம் எல்லாம் அதுல வரும். எத்தனை பேர் எத்தனை நாள் சாப்பாட்டுக் கணக்குல இருந்தாங்கன்னு ஆள்-நாள் கூட்டி, அதால வகுப்பாங்க. வர்றது ஒரு நாள் ரேட். உங்க பையன் கணக்குல இருந்த நாளை அந்த ரேட்டால பெருக்கினா பில்.

இதுல பாதிப் பேருக்குப் புரியாத இடம் ஒண்ணு இருக்கு. மளிகையும் காயும் ஆள் குறைஞ்சா குறையும். சமையல்காரர் சம்பளம் குறையாது. ஒரு உதாரணத்துக்கு 300 பையன் ஹாஸ்டல்னு வெச்சுக்குங்க. சாப்பாட்டுச் சாமான் ஆளுக்கு ஒரு நாளைக்கு 105 ரூபா, சம்பளம் மாதிரி நிக்கற செலவு மாசத்துக்கு 2,10,000. நல்லா நடக்கற மாசத்துல 8,400 ஆள்-நாள் வரும். அப்ப நிக்கற செலவு தலைக்கு நாளைக்கு 25 ரூபா, ரேட் 130. முப்பது நாளைக்கு 3,900.

அடுத்து ஸ்டடி ஹாலிடேஸ் மாசம். பாதிப் பேர் வீட்டுக்குப் போய்ட்டாங்க, ஆள்-நாள் 5,250-க்கு வந்துடுச்சு. அதே 2,10,000 இப்ப தலைக்கு 40 ரூபா ஆகுது. ரேட் 145. ஹாஸ்டல்லயே உக்காந்து படிச்ச பையனுக்கு 4,350 பில் வரும். அவன் ஒரு இட்லி கூட அதிகமாத் தின்னிருக்க மாட்டான். வீட்டுல "என்னடா இந்த மாசம் கூட வந்திருக்கு, என்ன பண்ணினே?"ன்னு கேப்பாங்க. அவனுக்கும் பதில் சொல்லத் தெரியாது. பரீட்சை நேரத்துல இந்தச் சண்டை நிறைய வீட்டுல நடக்கும்.

இப்ப சனி ஞாயிறு விஷயம். ஹாஸ்டல்ல "மெஸ் ரிடக்ஷன்"னு ஒண்ணு உண்டு. ஆனா சும்மா ஊருக்குப் போனாக் கிடைக்காது. போறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கணும், அதுவும் தொடர்ந்து இத்தனை நாளாவது இல்லைன்னாத்தான் கழிப்பாங்க. எத்தனை நாள்ங்கறது ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் மாறும். நான் பாத்தவரைக்கும் ரெண்டு நாளுக்கு எங்கயும் கழிச்சதில்ல. அதனால வாராவாரம் வந்தா பஸ் காசும் போகும், மெஸ் பில்லும் அப்படியே இருக்கும். பொங்கல் மாதிரி நீள லீவுக்கு மட்டும் மறக்காம எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க.

கணக்கர்_கரூர்
அப்ப எல்லாரும் ரிடக்ஷன் வாங்கிட்டுப் போய்ட்டா இருக்கறவன் தலையில விழுது. இது என்ன நியாயம்? நிக்கற செலவைத் தனியா எல்லார்கிட்டயும் வாங்க வேண்டியதுதானே?

பழைய_மெஸ்_செக்ரட்டரி
சில இடத்துல அப்படித்தான் வாங்கறாங்க, எஸ்டாப்ளிஷ்மென்ட் சார்ஜ்னு பில்லுல தனியாப் போட்டிருக்கும். எங்க ஹாஸ்டல்ல அதுக்காகவே ரெண்டு மீட்டிங் போட்டு அடிதடி வரைக்கும் போச்சு. முடிவு வரல.

ஹாஸ்டல்_வாசி_3ஆம்_வருஷம்
செல்விம்மா, நான் உங்க பையன் பக்கத்துலேந்து பேசறேன், கோச்சுக்காதீங்க.

அந்த நோட்டு விஷயத்தை எடுத்துடுங்க. எங்கம்மாவும் கேட்டாங்க. சனிக்கிழமை ராத்திரி உக்காந்து ஏழு நாளுக்கும் கற்பனையா எழுதுவேன். டீ 10, டீ 10, பேனா 20. ரெண்டு நாள் வேற கலர் பேனாவுல கூட எழுதியிருக்கேன்.

உண்மையில காசு போற இடம் உங்க லிஸ்ட்லயே இல்ல. பர்த்டே ஷேர். எங்க ஃப்ளோர்ல முப்பது பேர். மாசத்துக்கு ரெண்டு மூணு பர்த்டே நிச்சயம். கேக்குக்குத் தலைக்கு 50, 100-னு குரூப்ல க்யூஆர் போடுவாங்க. தரலைன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா தராம இருக்க முடியாது. அப்பறம் டிபார்ட்மென்ட் டி-ஷர்ட், சிம்போசியம் ரிஜிஸ்ட்ரேஷன். இதெல்லாம் "வெளிய டீ, பரோட்டா"வுல வராது. வீட்டுல சொன்னா "கேக்குக்கு எதுக்குடா நூறு ரூபா?"ன்னு வரும்னு சொல்லவும் மாட்டோம். இதுக்குன்னு ஒரு 200 நீங்களே எழுதிட்டீங்கன்னா அவன் ஒளிக்க வேண்டியதில்ல.

மெஸ்ல "எக்ஸ்ட்ரா" நோட்டையும் கேளுங்க. ஆம்லெட், சிக்கன் கையெழுத்துப் போட்டு வாங்கினா அப்ப காசு கேக்க மாட்டாங்க, மாசக் கடைசியில பில்லோட ஏறும். போன்ல பேலன்ஸ் பாக்கறப்ப அது தெரியாது. முதல் வருஷத்துல எனக்கு அதுதான் வெச்சது வேட்டு.

செல்வி_திருப்பூர்
கண்ணு, கேக்குக்கு நூறு ரூபாயான்னு எனக்கும் வாய் வரைக்கும் வந்துச்சு. விட்டுட்டேன்.

எக்ஸ்ட்ரா பத்தி அவன் சொல்லவே இல்ல. இன்னிக்குக் கேக்கறேன்.

லதா_கோவை
இவ்வளவு எதுக்கு? யுபிஐ சர்க்கிள்னு வந்திருக்கு. உங்க அக்கவுண்ட்லேந்தே பையன் அவன் போன்ல பே பண்ணலாம். மாசத்துக்கு இவ்வளவுதான்னு நீங்களே வரம்பு போடலாம், 15,000 வரைக்கும். ஒரு தடவைக்கு 5,000-க்கு மேல போகாது. எங்க போச்சுன்னு உங்களுக்கு உடனே தெரியும். நான் பொண்ணுக்கு அப்படித்தான் வெச்சிருக்கேன். நோட்டும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம்.

ஹாஸ்டல்_வாசி_3ஆம்_வருஷம்
ஆன்ட்டி, ராத்திரி பதினொரு மணிக்கு டீ குடிச்சா அம்மா போனுக்கு மெசேஜ் போகும். அடுத்த நிமிஷம் "தூங்கலையா?"ன்னு போன் வரும். கையில காசு எடுத்துச் செலவு பண்ண ஆரம்பிச்சுடுவாங்க, அப்பறம் ஒண்ணுமே தெரியாது.

லதா_கோவை
என் பொண்ணு அப்படிச் செய்யல.

ஹாஸ்டல்_வாசி_3ஆம்_வருஷம்
உங்களுக்குத் தெரியலைன்னு சொல்லுங்க ஆன்ட்டி 🙂

லதா_கோவை
பணம் நம்மது, பாக்கற உரிமையும் நம்மதுதான் தம்பி. இதுல நான் மாறப் போறதில்ல.

செல்வி_திருப்பூர்
லதாக்கா, எங்களுக்குச் சம்பளம் கையில காசாத்தான் வருதுங்க. பேங்க்ல ஒண்ணும் நிக்காது. சனிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர்கிட்ட காசைக் கொடுத்து அவரு ஜிபேலேந்து பையனுக்கு அனுப்பச் சொல்றேன். எங்களுக்கு அந்த சர்க்கிள் ஒத்து வராது.

மெஸ் அண்ணா, அப்ப மாசம் எவ்வளவுன்னு எழுதறதுங்க? நாலாயிரமும் இல்ல, 4,350-ம் இல்லைன்னா அவன் எதை எடுத்து வெப்பான்?

பழைய_மெஸ்_செக்ரட்டரி
அவன் எடுத்து வெக்கவே வேண்டாம். மெஸ் காசை அவன் கையில கொடுக்காதீங்க. கணக்கர் ஐயா சொன்னதுல நான் பாதிதான் சரின்னது இதுக்குத்தான். வாரம் 1,750 அனுப்பினா அதுல ஆயிரம் மெஸ்ஸோடதுன்னு ரெண்டு வாரம் ஞாபகம் இருக்கும், மூணாவது வாரம் இருக்காது. பில்லோ மாசம் முடிஞ்சு, கணக்குப் போட்டு, அடுத்த மாசம் பத்து தேதி வாக்குலதான் போர்டுல ஒட்டுவாங்க. ஜூலை சாப்பாட்டுக்கு ஆகஸ்ட்ல கேப்பாங்க. அத்தனை நாள் ஒரு பையன் அக்கவுண்ட்ல நாலாயிரம் சும்மா உக்காந்திருக்காது. அப்பறம் தேதி தாண்டினா ஃபைன்.

பல அரசுக் கல்லூரிகள்ல மெஸ் காசை ஸ்டேட் பேங்க் ஆன்லைன்ல வெச்சிருக்கற எஸ்.பி. கலெக்ட் வழியா வாங்கறாங்க. பையனோட ரோல் நம்பர் இருந்தா யாரு வேணாக் கட்டலாம். உங்க சூப்பர்வைசரே கட்டித் தரலாம். ரசீதை மட்டும் பையனுக்கு அனுப்பிடுங்க, ஹாஸ்டல் ஆபீஸ்ல காட்டக் கேப்பாங்க.

இப்ப உங்க சனிக்கிழமைக்கு வர்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் மெஸ்ஸுக்குன்னு ஆயிரம் ரூபா வீட்டுலயே தனி டப்பாவுல போடுங்க. நாலு சனிக்கிழமை மாசத்துல நாலாயிரம் ஆச்சு. வருஷத்துக்கு நாலு மாசமாவது அஞ்சு சனிக்கிழமை வரும். அந்த அஞ்சாவது ஆயிரத்தை எடுக்காதீங்க. அதுதான் 4,350 வர்ற மாசத்துக்கும், தீபாவளி லீவுல சம்பளம் இல்லாத வாரத்துக்கும் ஈடு. பில் 3,700-னு குறைஞ்சு வந்தா மிச்சமும் டப்பாவுலயே கிடக்கட்டும். பையனுக்கு நாலாயிரம், அஞ்சாயிரம்ங்கற எண்ணே தெரிய வேண்டாம், பில் எவ்வளவுன்னு படம் எடுத்து அனுப்பினாப் போதும்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. மே மாசம் பையன் வீட்டுல இருப்பான், டப்பாவுக்கு லீவு விட்டுடலாம்னு தோணும். ஏப்ரல் பில் மே மாசம்தான் வரும்.

கணக்கர்_கரூர்
இது நல்ல ஏற்பாடு. நான் ஒத்துக்கறேன். அப்ப பையன் கைக்கு வாரம் எவ்வளவு?

செல்வி_திருப்பூர்
நானே போட்டுப் பாத்தேனுங்க. சோப்பு, ஜெராக்ஸ், டீ, தொடாம வெக்கற 400, எல்லாம் சேத்து 2,050 வருது. சனிக்கிழமை 500 அனுப்பினா நாலு வாரத்துக்கு ரெண்டாயிரம். அந்தக் கேக்கும் இதுக்குள்ளதான். போனுக்கு 350-ம் பஸ்ஸுக்கு 600-ம் தனியா, வேணுங்கறப்ப.

மதுரைக்காரி
போன் காசு மாசம் ஒரு தடவைன்னு நினைக்காதீங்க அக்கா. அந்த பிளானெல்லாம் 28 நாள்தான். ஜூன் 5 போட்டா ஜூலை 3, அடுத்தது ஜூலை 31. ஒரே மாசத்துல ரெண்டு தடவை. வருஷத்துக்குப் பதிமூணு ரீசார்ஜ். பையன் "போன மாசம்தானே போட்டேன், தெரியாமத் தீந்துடுச்சு"ன்னு கேட்டா பொய் சொல்றான்னு நினைச்சுடாதீங்க. என் தம்பியை நான் அப்படித் திட்டியிருக்கேன். முழு மாசத்துக்கு வர்ற பிளானும் இருக்கு, 2022-ல டிராய் உத்தரவு போட்டதுக்கு அப்பறம் எல்லாக் கம்பெனியும் ஒண்ணாவது வெச்சாகணும். கடையில தானாச் சொல்ல மாட்டாங்க, கேட்டுப் போடச் சொல்லுங்க.

அக்கா, தமிழ்ப் புதல்வன் ஆயிரம் வருதா அவனுக்கு?

செல்வி_திருப்பூர்
வரலைன்னு சொல்றானுங்க. அவன் படிச்சது அரசு உதவி பெறும் பள்ளிக்கூடம், தமிழ் மீடியம்.

கணக்கர்_கரூர்
அது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் அம்மா. எய்டட் ஸ்கூலுக்குக் கிடையாது.

மதுரைக்காரி
இல்ல ஐயா, உண்டு. எய்டட் பள்ளியில ஆறுலேந்து பன்னண்டு வரைக்கும் தமிழ் வழியில படிச்சிருந்தாப் போதும். எங்க தெருப் பையன் ஒருத்தன் அப்படித்தான் வாங்கறான்.

காலேஜ்ல இதுக்குன்னு ஒரு நோடல் ஆபீசர் இருப்பார், அவர்கிட்ட பேரு ஏறியிருக்கான்னு கேக்கச் சொல்லுங்க. பேரு ஏறியிருந்தும் காசு தெரியலைன்னா வேற அக்கவுண்ட்ல விழுந்திருக்கலாம். இந்தப் பணம் ஆதாரோட எந்த அக்கவுண்ட் இணைஞ்சிருக்கோ அதுக்குத்தான் போகும். காலேஜ்ல கொடுத்த அக்கவுண்டுக்குப் போகணும்னு இல்ல. நிறையப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல ஸ்காலர்ஷிப்புக்குன்னு தொடங்கின பழைய அக்கவுண்ட்தான் இணைஞ்சு கிடக்கும். ஆதார் தளத்துல அவன் நம்பர் போட்டு உள்ள போய் Bank Seeding Status-னு பாத்தா பேங்க் பேரு காட்டும்.

செல்வி_திருப்பூர்
ஸ்கூல்ல படிக்கறப்ப கூட்டுறவு பேங்க்ல ஒண்ணு தொடங்கினோமுங்க. பாஸ்புக் பீரோவுலதான் இருக்கணும். திங்கக்கிழமை அரை நாள் லீவு சொல்லிட்டுப் போய் எண்ட்ரி போட்டுப் பாக்கறேன்.

கடுதாசில நடுவுல உள்ளதை அடிச்சுட்டு இப்படி எழுதியிருக்கேன்:

> மெஸ் காசு இனி நாங்களே கட்டிக்கறோம். போர்டுல பில் ஒட்டின அன்னிக்கே படம் எடுத்து அனுப்பு. தேதி தாண்டினா ஃபைன் உன் காசுலதான். பில்லு கூட வந்தாப் பயப்படாதே, எதுக்குன்னு எனக்குத் தெரியும். எக்ஸ்ட்ரா நோட்டுல நீ போட்ட கையெழுத்துக்கு மட்டும் உன் ஐநூறுல கழிச்சுக்குவேன்.
>
> சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள்ள ஐநூறு வரும். சோப்பு, டீ, கேக்கு எல்லாம் அதுலதான். நோட்டு எழுத வேண்டாம். ஞாயித்துக்கிழமை எவ்வளவு மிச்சம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பொங்கலுக்கு வர்றப்ப மெஸ் ரிடக்ஷனுக்கு எழுதிக் கொடுத்துட்டு வா.

ஹாஸ்டல்_வாசி_3ஆம்_வருஷம்
சூப்பர்மா. எக்ஸ்ட்ரால மாசம் ரெண்டு சிக்கனுக்கு மட்டும் விட்டுக் கொடுங்க, ஞாயித்துக்கிழமை அது ஒண்ணுதான் மெஸ்ல நல்லா இருக்கும்.

லதா_கோவை
மிச்சம் எவ்வளவுன்னு அவன் சொல்றதை எப்படி நம்புவீங்க?

செல்வி_திருப்பூர்
சனிக்கிழமைக்கு முந்தி காசு கேட்டானா இல்லையான்னு பாத்தாத் தெரிஞ்சிருமுங்க அக்கா. தம்பி, ஒரு சிக்கன்.